நிபா: வௌவாலிடமிருந்து மனிதருக்கு வருவதும் மருத்துவமனையில் பரவுவதும்

கேள்வி: வௌவாலிடம் இருக்கும் வைரஸ் மனிதருக்கு எப்படித்தான் வருகிறது? நிபா போன்ற நோய் வந்தால் வௌவால்களை விரட்டினால் போதாதா, மருத்துவமனைகளின் தொற்றுக் கட்டுப்பாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

வௌவால்கள் பல வகை வைரஸ்களைத் தாங்கி வாழ்கின்றன. அவற்றுள் மனிதரைக் கொல்லும் வைரஸ்களும் பல உண்டு. எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட நிபாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வௌவாலிடமிருந்து முதல் மனிதரை அடையும் வழியையும், அந்த முதல் மனிதரிடமிருந்து மற்றவர்களை அடையும் வழியையும் தனித்தனியாகப் பார்ப்பது பயனுள்ளது. இவை இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். முதலாவது எப்போதாவது நடப்பது. எங்கே, எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதது. இரண்டாவது பெரும்பாலும் நோயாளியின் படுக்கையருகே, நமக்குத் தெரிந்த முறையில் நடப்பது, தடுக்கக்கூடியது. ஒரு நோயாளியோடு முடிந்திருக்க வேண்டிய நிகழ்வு இருபது பேரைப் பலி கொள்ளும் அளவுக்கு வளர்ந்ததா இல்லையா என்பதை இந்த இரண்டாவது கட்டமே தீர்மானித்திருக்கிறது.

நிபாவின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால்கள். அவற்றுள் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் காணப்படும் பெரிய வகைக்கு டெரோபஸ் மீடியஸ் என்று பெயர். உயரமான மரங்களில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கி, மாலையில் இரை தேடிப் பறந்து செல்வது இதுதான். இந்த வைரஸ் வௌவாலுக்குக் கண்ணில் படும்படியான நோய் எதையும் உண்டாக்குவதில்லை. வைரஸைக் கண்டதும் கட்டுக்கடங்காத அழற்சியைக் கிளப்பித் தன் உடலையே சேதப்படுத்திக்கொள்ளும் தன்மை வௌவாலின் நோயெதிர்ப்பு அமைப்பில் மட்டுப்பட்டிருப்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஒரு கூட்டத்தில் உள்ள வௌவால்கள் எல்லாம் எந்நேரமும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பதில்லை. ஒரு காலத்தில் தொற்றுக்கு ஆளானவை எதிர்ப்பாற்றல் பெறும். அந்த ஆற்றல் குறைந்து, எதிர்ப்பாற்றல் இல்லாத குட்டிகளும் சேரும்போது தொற்று மீண்டும் கூட்டத்துக்குள் சுற்றும். அப்போதும் மிகச் சிலவே எச்சில், சிறுநீர், எச்சம் ஆகியவற்றில் வைரஸை வெளியேற்றுகின்றன. எனவே தலைக்கு மேல் வௌவால் பறந்தாலே ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. வௌவாலின் எச்சில் அல்லது சிறுநீர், காய்ந்துபோவதற்கு முன், மனிதரின் வாய்க்கோ மூக்குக்கோ வந்து சேர ஒரு வழி வேண்டும்.

அந்த வழி எப்படி அமையும் என்பதை இரண்டு நாடுகளின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. 1998-99ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் இந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது வழியாக அமைந்தவை பன்றிகள். ஈப்போ பகுதியில் பெரிய பன்றிப் பண்ணைகளின் ஓரத்திலேயே மாமரங்களும் வளர்க்கப்பட்டன. வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களும் அவற்றின் கழிவும் கொட்டில்களுக்குள் விழுந்தன. பன்றிகளின் மூச்சுக்குழாயில் வைரஸ் பெருகியது, அவை இருமின, அவற்றைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். முதலில் அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்களுக்கே நோய் வந்ததும், தடுப்பூசி போட்டவர்களும் விழுந்ததும் அந்த எண்ணத்தைக் குலைத்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகே நோய் அடங்கியது. அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

வங்கதேசத்தில் பன்றிக்கு வேலையே இல்லை. அங்கே வழி, ஈச்ச மரத்தின் சாறு. குளிர்காலத்தில் மாலை நேரத்தில் ஒருவர் மரமேறி, உச்சிக்கு அருகே பட்டையைச் சீவி, சாறு வடியும் இடத்தில் ஒரு சிறு குழலைச் செருகிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். இரவெல்லாம் சீவிய பரப்பின் மேல் சாறு வழிந்து கலயத்தில் சேர்கிறது. ஆராய்ச்சியாளர்கள் மரங்களில் அகச்சிவப்புக் கேமராக்களைப் பொருத்திப் பார்த்தபோது, வௌவால்கள் அந்தச் சீவிய பரப்பில் வந்து அமர்ந்து சாற்றை நக்குவதும், சில நேரம் அங்கேயே சிறுநீர் கழிப்பதும் பதிவாயின. விடியற்காலையில் இறக்கிய சாற்றைச் சில மணி நேரத்துக்குள் பச்சையாகக் குடிக்கிறார்கள். குளிர்ந்த, இனிப்பான நீர்மத்தில் வைரஸ் அந்த நேரத்தைத் தாங்கிவிடுகிறது. அதே சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினால் வைரஸ் அழிந்துவிடும். சீவிய இடத்தையும் கலயத்தின் வாயையும் சேர்த்து மூங்கில் பாயால் மறைத்துவிட்டால் வௌவாலால் சாற்றை எட்ட முடிவதில்லை என்பதையும் அதே கேமராக்கள் உறுதி செய்தன. விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் வழியை இவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்து, இவ்வளவு எளிய பொருளால் அடைக்க முடிந்த சந்தர்ப்பங்கள் அரிது.

கேரளத்தில் அப்படிப்பட்ட தெளிவு கிடைக்கவில்லை. 2018ஆம் ஆண்டு கோழிக்கோடு மாவட்டத்தில் நோய் தோன்றிய பகுதியின் பழந்தின்னி வௌவால்களிடம் வைரஸின் மரபுப்பொருள் பின்னர் கண்டறியப்பட்டது. நோயாளிகளிடம் கிடைத்த வைரஸோடு அது நெருங்கிப் பொருந்தியது. ஆனால் முதல் நோயாளிக்கு அது கடித்த பழத்தின் வழியாக வந்ததா, வேறு தொடர்பால் வந்ததா என்பது நிறுவப்படவில்லை. முதல் நோயாளி பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே இறந்துவிடுவதால், பத்து நாள்களுக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எதைத் தொட்டீர்கள் என்று கேட்க ஆள் இருப்பதில்லை. வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள், பழத்தைக் கழுவித் தோலுரித்து உண்ணுங்கள் என்ற அறிவுரை நியாயமானதே. அது ஐயத்தின் அடிப்படையிலான முன்னெச்சரிக்கை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வௌவால்களை விரட்டலாமா, கொல்லலாமா என்ற கேள்விக்கு உகாண்டாவின் கிடாகா சுரங்கம் பதில் தருகிறது. அங்கே 2007ஆம் ஆண்டு சுரங்கத் தொழிலாளர்களுக்கு மார்பர்க் வைரஸ் தொற்றியது. அது வேறொரு பழந்தின்னி வௌவால் சுமக்கும் வைரஸ். அச்சத்தில் சுரங்கத்து வௌவால்களை அடியோடு ஒழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் அங்கே குடியேறின. முன்பு சுமார் 5 சதவீத வௌவால்களிடம் இருந்த தொற்று, மீண்டும் சோதித்தபோது சுமார் 13 சதவீதமாக இருந்தது. எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த முதிய வௌவால்களை நீக்கிவிட்டு, தொற்றுக்கு எளிதில் ஆளாகும் இளையவற்றுக்கு இடம் கொடுத்ததே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவான ஹெண்ட்ரா வைரஸைப் பற்றி நடந்த நீண்டகால ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்து உணவுக்குத் திண்டாடும் வௌவால்கள் குதிரைகள் மேயும் வெளிகளுக்கு வந்தபோதுதான் தொற்று குதிரைகளுக்குத் தாவியது. எஞ்சிய காடுகள் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கே திரும்பின, தாவலும் நின்றது. பசித்து அலையும் வௌவாலே ஆபத்தானது. விரட்டுவது அந்த நிலையைத்தான் உண்டாக்கும்.

இனி இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். நான் மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவன். என் அக்கறை இங்கேதான் மிகுதி.

வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை கண்டறியப்பட்ட 248 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 82 பேருக்கு இன்னொரு நோயாளியிடமிருந்து தொற்று வந்திருந்தது. சராசரியாக ஒரு நோயாளி 0.33 பேருக்குத் தொற்றைக் கொடுத்தார். அதாவது வௌவாலிடமிருந்து நேரடியாக நோய் பெற்றவர்கள் 100 பேர் என்றால், அவர்களிடமிருந்து 33 பேர், அந்த 33 பேரிடமிருந்து 11 பேர், பிறகு மூன்று நான்கு பேர் என்று சங்கிலி தானாகவே தேய்ந்து 150 பேரளவில் நின்றுவிடும். இந்த எண் ஒன்றைத் தாண்டாதவரை நிபாவால் பெருந்தொற்றாக முடியாது. ஆனால் இது வெறும் சராசரி. பெரும்பாலான நோயாளிகள் யாருக்குமே தொற்றைக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சிலரோ பலருக்குக் கொடுத்தார்கள். மூச்சுத்திணறல் உள்ள, 45 வயதைக் கடந்த நோயாளிகளுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டால் அந்த எண் 1.1 ஆக உயர்ந்தது. நோயாளியின் உடல் நீர்மங்கள் பட்டவர்களுக்கும், நீண்ட நேரம் அருகில் இருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. மூளைக்காய்ச்சலோடு மட்டும் மயங்கிக் கிடக்கும் நோயாளியைவிட, இருமிக்கொண்டும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டும் இருக்கும் நோயாளியே மற்றவர்களுக்கு ஆபத்தானவர். அவரோ நோயின் அந்தக் கட்டத்தில் வீட்டில் இருக்க மாட்டார், மருத்துவமனையில் இருப்பார்.

இது என்ன செய்யும் என்பதை 2018 மே மாதம் கோழிக்கோட்டில் கண்டோம். பேராம்பிரா பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் காய்ச்சலோடு தாலுகா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மே மாதத்தில் காய்ச்சலோடு வரும் நூற்றுக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். யாருக்கும் ஐயம் எழக் காரணமில்லை. வார்டில் மற்ற நோயாளிகளும், அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் அருகருகே இருந்தார்கள். நிலைமை மோசமானதால் அவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஸ்கேன் எடுப்பதற்காகக் கதிரியக்கப் பிரிவின் நடைபாதையில் இருமலோடு காத்திருந்தார். அதே நடைபாதையில் வேறு வேறு நோய்களுக்காக வந்தவர்களும் அவர்களின் உறவினர்களும் காத்திருந்தார்கள். மே 5ஆம் தேதி அவர் இறந்தார். பின்னர் நோயுற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்தது இந்த ஒருவரிடமிருந்துதான். தாலுகா மருத்துவமனையில் அவரைப் பராமரித்த செவிலியரும் அவர்களுள் ஒருவர்.

அடுத்து நடந்ததில் நாள்கணக்கைக் கவனிக்க வேண்டும். அந்த நோய் வெடிப்பில் தொற்று ஏற்பட்டதிலிருந்து அறிகுறி தோன்றும்வரையான இடைவெளி 6 முதல் 14 நாள்கள், நடுமதிப்பு 9.5 நாள்கள். எனவே மே முதல் வாரத்தில் நடைபாதையில் தொற்று பெற்றவர்கள் அடுத்த ஒரு வாரம் நலமாகவே நடமாடினார்கள். இரண்டாம் வாரத்தின் நடுவில் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்து, அவரவர் வீட்டுக்கு அருகில் இருந்த மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். இறந்தவரின் சகோதரர் மே 17ஆம் தேதி மூளைக்காய்ச்சல் அறிகுறிகளோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அங்கிருந்த மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒரே வீட்டில் இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது ஆளுக்கு எப்படி இதே நோய்? அந்தக் கேள்வியால்தான் மாதிரிகள் மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வகத்துக்கும், அங்கிருந்து புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்துக்கும் சென்றன. மூன்று நாள்களில் நிபா என்பது உறுதியானது. அதற்குள் தொற்றுப் பரவல் மூன்று மருத்துவமனைகளில் நடந்துவிட்டிருந்தது. ஆய்வாளர்கள் பின்னர் தொகுத்தபடி மொத்தம் 23 நோயாளிகள். ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர். பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. 23 பேரில் வௌவாலிடமிருந்து நோய் பெற்றவர் முதல் நோயாளி ஒருவரே.

2001இல் சிலிகுரியிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. அங்கே 66 பேர் நோயுற்றார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள். நோய் நிபா என்பதே ஆண்டுகள் கழித்து, சேமித்துவைத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் தெரிந்தது.

இப்போது 2019ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அதே கேரளத்தில், எர்ணாகுளத்தில், ஒரு கல்லூரி மாணவருக்கு நிபா வந்தது. முந்தைய ஆண்டின் அனுபவம் மருத்துவர்களின் நினைவில் பசுமையாக இருந்தது. ஐயம் சீக்கிரம் எழுந்தது, அவர் தனிமைப்படுத்தப்பட்டார், தொடர்பில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கண்காணிக்கப்பட்டார்கள். அவர் பிழைத்தார், வேறு ஒருவருக்கும் நோய் வரவில்லை. அந்த நோயாளியின் உடல்நிலைக்கும் இதில் பங்கு இருக்கலாம். எல்லா நோயாளிகளும் பிறருக்கு ஒரே அளவில் தொற்றைக் கொடுப்பதில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் 2023இல் கோழிக்கோட்டில், காரணம் தெரியாமலேயே ஒரு நோயாளி ஆகஸ்ட் 30ஆம் தேதி இறந்தபோது, பழைய வடிவம் திரும்பவும் தலைகாட்டியது. அவருடைய மகன், ஓர் உறவினர், அதே மருத்துவமனைக்கு வேறு காரணத்துக்காகச் சென்றிருந்தவர், ஒரு சுகாதாரப் பணியாளர் என மொத்தம் ஆறு பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். கண்டறியப்படாத முதல் நோயாளி, மருத்துவமனையில் கழித்த சில நாள்கள் என்ற அதே இடைவெளிதான் மீண்டும் வெடிப்பாக மாறியது.

இந்த இடைவெளியை எப்படி அடைப்பது? நோயைச் சீக்கிரம் கண்டறிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நோயாளியைப் பொறுத்தவரை அது நடைமுறையில் பெரும்பாலும் முடியாத காரியம். தொடக்க அறிகுறிகள் காய்ச்சல், தலைவலி, வாந்தி, இருமல். டெங்கு, இன்ஃப்ளூயன்ஸா, பாக்டீரியா மூளை உறையழற்சி எல்லாமே இப்படித்தான் தொடங்கும். தொண்டைத் துடைப்பு, சிறுநீர், ரத்தம், தண்டுவட நீர் ஆகியவற்றில் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்தால் நிபாவைக் கண்டறியலாம். ஆனால் யாராவது நிபாவை நினைத்தால்தான் அந்தச் சோதனையைக் கேட்பார்கள். ஆகவே பாதுகாப்பு, நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே இயங்க வேண்டும். காய்ச்சலும் இருமலும் உள்ள எவருக்கும் வாசலிலேயே முகக்கவசம் கொடுத்து, மற்றவர்களிடமிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, காற்றோட்டமுள்ள தனி இடத்தில் அமர்த்துவது. அவர் ஸ்கேனுக்கோ எக்ஸ்ரேக்கோ செல்ல வேண்டியிருந்தால் அந்தப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லி, நடைபாதையில் காத்திருக்க விடாமல் நேராக உள்ளே அழைத்துக்கொள்வது. ஒரு படுக்கைக்கு ஒரு நோயாளி, ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள் என்ற வரம்பைக் காப்பது. இவற்றில் எதற்கும் ஆய்வக முடிவு தேவையில்லை. 2018 மே 5 அன்று இவை நடந்திருந்தால், நோயின் பெயர் யாருக்கும் தெரியாமலேயே பெரும்பாலான தொற்றுகள் தடுக்கப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இது நிபாவில் பலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோவிட் வைரஸ் அறிகுறி தோன்றும் முன்பே பரவியது. அதனால் நோயாளிகளை மட்டும் தனிமைப்படுத்தி அதை நிறுத்த முடியவில்லை. நிபாவில் அறிகுறி இல்லாதவர்கள் பிறருக்குப் பரப்பியதற்கான சான்று இல்லை. நோய் முற்ற முற்ற எச்சிலிலும் சளியிலும் வைரஸ் பெருகுகிறது. பரவல் அந்தக் கடைசி நாள்களில்தான் குவிகிறது. எனவே அறிகுறியை வைத்துத் தடுப்பைத் தொடங்கினாலே போதிய நேரம் கிடைக்கிறது.

படுக்கையருகே எங்கே தவறு நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மூச்சுத்திணறும் நோயாளிக்குச் செவிலியர் நெபுலைசர் வைக்கிறார். கருவி மருந்தைப் புகையாக்கும்போது நோயாளி இருமுகிறார்; சளியின் நுண்துளிகள் காற்றில் கலக்கின்றன. சளியைக் குழாய்வைத்து உறிஞ்சும்போதும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகும்போதும் இதேதான் நடக்கிறது. சாதாரண அறுவை முகக்கவசம் பெருந்துளிகளைத் தடுக்கும். இத்தகைய வேலைகளின்போது முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமும் கண்ணாடியும் தேவை. கூடியவரை நெபுலைசரைத் தவிர்த்து வேறு முறையில் மருந்தைக் கொடுக்க வேண்டும். அடுத்து, அவர் நோயாளியின் வாயைத் துடைத்த அதே கையுறையோடு படுக்கையின் கம்பியைப் பிடிக்கிறார், போர்வையைச் சரிசெய்கிறார், பக்கத்துப் படுக்கையின் சலைன் குழாயைத் தொடுகிறார். கையுறை அவர் கையைக் காத்தது, வார்டைக் காக்கவில்லை. வங்கதேச மருத்துவமனைகளில் நிபா நோயாளிகளைச் சுற்றியிருந்த துண்டு, விரிப்பு, படுக்கைக் கம்பி ஆகியவற்றில் வைரஸின் மரபுப்பொருள் கிடைத்திருக்கிறது. கையுறையை நோயாளிக்கு நோயாளி மாற்றுவதும், கழற்றியவுடன் கைகழுவுவதும் இரண்டு தனித்தனிச் செயல்கள். இரண்டாவதுதான் அடிக்கடி விடுபடுகிறது.

மிக ஆபத்தான நேரம் எது என்று என்னைக் கேட்டால், பாதுகாப்பு உடையைக் கழற்றும் சில நிமிடங்கள் என்பேன். பணி முடிந்த களைப்பு, வியர்வை, முகத்தைத் துடைக்கத் துடிக்கும் கை. உடையின் வெளிப்பக்கம் முழுவதும் அசுத்தமானது என்று கொண்டு, முதலில் கையுறை, பிறகு கண்ணாடி, பிறகு மேலங்கியை உட்புறம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றுவது, கடைசியாக நோயாளியின் அறையை விட்டு வெளியே வந்த பிறகு முகக்கவசத்தை அதன் பட்டையை மட்டும் பிடித்துக் கழற்றுவது என்ற வரிசை இருக்கிறது. இடையிடையே கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொருவர் எதிரே நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால் தவறு வெகுவாகக் குறைகிறது. நோய் வந்த பிறகு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. மாதந்தோறும் பயிற்சி செய்த கை மட்டுமே களைப்பிலும் வரிசையை மறக்காது.

சுத்தம் செய்வதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. நிபா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருக்கிறது. அது சிதைந்தால் வைரஸ் செயலிழந்துவிடும். சாதாரண சோப்பு, ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான், பிளீச்சிங் கரைசல் எல்லாமே அதை அழிக்கும். 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 33 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். சளியோ ரத்தமோ சிந்திய இடத்தில் முதலில் உறிஞ்சும் துணியையோ காகிதத்தையோ போட்டு, அதன் மேல் இந்தக் கரைசலை ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. காலையில் கலக்க வேண்டிய கரைசலை மூன்று நாள்களுக்கு முன் கலந்து திறந்த வாளியில் வைத்திருப்பார்கள். குளோரினின் வலிமை குறைந்துபோயிருக்கும். அல்லது ஊற்றிய கையோடு துடைத்துவிடுவார்கள்; வேலை செய்ய நேரம் கொடுக்காத மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

இவ்வளவையும் மீறி வெடிப்பு தொடங்கிவிட்டதா என்பதை எப்படி அறிவது? மருத்துவமனைகள் ஒரு சில அடையாளங்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். காய்ச்சலோடு மயக்கமோ வலிப்போ உள்ள நோயாளியின் வீட்டில் சென்ற மூன்று வாரங்களுக்குள் வேறு யாராவது காய்ச்சலில் இறந்தார்களா என்று கேட்பது முதலாவது. 2018ஐ வெளிக்கொணர்ந்தது இந்தக் கேள்விதான். சம்பந்தமில்லாத இரண்டு நோயாளிகள் இரண்டு வாரங்களுக்கு முன் ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில் இருந்திருக்கிறார்களா என்பது இரண்டாவது. செவிலியரோ துப்புரவுப் பணியாளரோ காய்ச்சலோடு விடுப்பு எடுத்தால் அது விடுப்புப் பதிவேட்டில் மட்டும் முடியாமல் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் தெரியவர வேண்டும் என்பது மூன்றாவது. துப்புரவுப் பணியாளர்களைக் குறிப்பாகச் சொல்கிறேன். விரிப்பை மாற்றுபவரும் வாந்தியைத் துடைப்பவரும் அவர்களே, ஆனால் ஒப்பந்த ஊழியர்கள் என்பதால் பயிற்சிப் பட்டியலிலும் கவசப் பட்டியலிலும் அவர்கள் பெயர் பல இடங்களில் இருப்பதில்லை.

நோயாளி இறந்த பிறகும் பாதுகாப்பு தொடர வேண்டும், ஏனெனில் அவரது எச்சிலிலும் உடல் நீர்மங்களிலும் வைரஸ் இருக்கும். உடலைக் குளிப்பாட்டுவதும் முகத்தோடு முகம் வைத்து அழுவதும் நம் துக்கத்தின் இயல்பான வடிவங்கள். வங்கதேசத்தில் இவ்வழியே தொற்று பெற்றவர்கள் உண்டு. 2018இல் கோழிக்கோட்டில் கசியாத உறைகளில் உடல்களை வைத்து, பயிற்சி பெற்ற ஊழியர்களே கையாண்டார்கள். குடும்பத்தினரிடம் இதைக் காரணத்தோடு, மரியாதையோடு, முன்கூட்டியே விளக்கினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் தள்ளி நின்று முகம் பார்க்கவும் தங்கள் வழிபாட்டைச் செய்யவும் இடம் கொடுக்க முடியும்.

தொடர்பில் இருந்தவர்களை, கடைசியாகத் தொடர்பு நேர்ந்த நாளிலிருந்து 21 நாள்கள் தினமும் விசாரிக்க வேண்டும். 2018இல் 2,600க்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் கண்காணிக்கப்பட்டார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்க மருத்துவமனைப் பதிவேடுகள் தேவைப்பட்டன: எந்த நாளில் எந்தப் படுக்கையில் யார் இருந்தார், யார் துணைக்கு வந்தார், ஸ்கேன் அறைக்கு வெளியே அந்த நேரத்தில் யார் யார் காத்திருந்தார்கள். நோயாளியின் பெயர் பதிவாகியிருக்கும். துணைக்கு வந்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. நிபா அவரையும் தொற்றுகிறது என்பதால், உள்ளே வரும் துணையாளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாசலில் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் ஒவ்வொரு காய்ச்சல் வார்டிலும் சாதாரண நாள்களிலேயே இருக்க வேண்டும்.